ஒரே வழி, இரண்டு குறிப்புத்தாள்கள்

ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் இரண்டு குழுக்கள் சுற்றுலா ஏற்பாடு செய்யும் எங்களிடம் வந்தன. ஒன்று, பெங்களூரில் வாழும் ஓய்வுபெற்றோர் குழு. இருபத்து நான்கு பேர். வயது அறுபத்திரண்டிலிருந்து எழுபத்தொன்பது வரை. பாதி வீட்டில் தமிழ், பாதி வீட்டில் கன்னடம். மற்றொன்று, ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் எந்திரம் நிறுவ வந்திருந்த ஜெர்மானியப் பொறியாளர்கள் பதினொரு பேர். மூத்தவருக்கே ஐம்பது தாண்டவில்லை. இரு குழுவுக்கும் ஒரே வழிகாட்டி. கிருஷ்ணகிரிக்காரர், வரலாறு படித்தவர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவத் தெரிந்தவர். பார்க்கும் இடங்களிலும் சில பொது. அவருக்காக எழுதிய இரண்டு குறிப்புத்தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். வயதும் நாடும் மொழியும் இத்தனை விலகியிருக்கும்போது தாள்களும் அதே அளவுக்கு விலகியிருக்கும் என்றுதான் தோன்றும். சில இடங்களில் அப்படித்தான் இருக்கின்றன. விலகாத இடங்கள்தாம் யோசிக்க வைக்கின்றன.

குழுவின் அறிமுகத்திலிருந்து தொடங்கலாம். எண்ணிக்கை, வயது, மொழி என்று மூன்று வரியில் முடித்துவிடுவது வழக்கம். வழிகாட்டிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. எத்தனை பேர் என்பதைப் பேருந்தில் ஏறியதும் அவரே எண்ணிக்கொள்வார். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாததைத்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். மூத்தோர் தாளில் அப்படி ஒரு வரி இருந்தது: "நான்கு பேர் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்." பொறியாளர் தாளில் அதற்கு இணையான வரி: "இவர்கள் அந்தத் தொழிற்சாலையின் ஊழியர்கள் அல்லர், எந்திரம் விற்ற நிறுவனத்தின் ஆட்கள். எட்டு நாளாக இங்கே இருக்கிறார்கள். விடுதி, வேன், தொழிற்கூடம் தவிர எதையும் பார்க்கவில்லை."

முதல் வரியின் எடை ஓசூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். இந்த ஊரை அறிமுகப்படுத்தும் எந்த உள்ளூர் வழிகாட்டியும் டைட்டனைச் சொல்லாமல் இருக்க மாட்டார். டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம். ஓசூரில் எழுந்த ஆலை. சில ஆண்டுகளில் நாட்டின் மணிக்கட்டையே பிடித்துக்கொண்ட கடிகாரம். பெருமையாகச் சொல்லத்தக்க கதைதான். ஆனால் அதற்கு முன்பு நாட்டுக்கு நேரம் காட்டிக்கொண்டிருந்தது பெங்களூரு எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய அந்த ஆலை மெல்லத் தேய்ந்தது, 2016இல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அங்கே முப்பது ஆண்டு உழைத்தவரை ஓசூர்ச் சாலையில் உட்கார வைத்து, "பழைய கடிகாரங்களை எல்லாம் ஓரம் கட்டிய ஊர் சார் இது" என்று சொன்னால் என்ன ஆகும்? சண்டை வராது. அந்த நால்வரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அதன்பின் அன்று முழுவதும் வழிகாட்டி சொல்வது அவர்கள் காதில் ஏறாது. அதே கதையைப் பொறியாளர்களிடம் சொன்னால் நேர்மாறு. கடிகாரத்தின் நுண்பாகம் வெட்டுவதும் அவர்கள் தொழிலும் பங்காளிகள். கேள்வி மேல் கேள்வியாக வரும்.

ஆகவே மூத்தோர் தாளில் டைட்டனை நீக்கச் சொல்லவில்லை; வரிசையை மாற்றச் சொன்னோம். முதலில் எச்.எம்.டி.யைச் சொல்லுங்கள், அந்த நால்வரில் ஒருவரைப் பேச விடுங்கள், பிறகு ஓசூருக்கு வாருங்கள். ஒரு வரி அறிமுகம் ஒரு மணி நேரப் பேச்சின் அமைப்பையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது வேகம். இங்கே இரு தாள்களும் எதிரெதிர் திசையில் போகும் என்று எதிர்பார்ப்போம்: முதியவர் மெதுவாக, இளையவர் விரைவாக. கணக்குப் போட்டால் வேறு காட்சி. இருபத்து நான்கு முதியவர் ஒரு பேருந்திலிருந்து இறங்கப் பத்து நிமிடம், ஏறப் பத்து நிமிடம். ஐந்து இடத்தில் நிறுத்தினால் ஏறி இறங்கவே நூறு நிமிடம். பயண நிரலில் இந்த நூறு நிமிடத்தை யாரும் எழுதுவதில்லை. மாலையில் ஓர் இடம் அடிபட்டுப் போகும்போதுதான் எங்கே போயிற்று என்று தேடுவார்கள். எனவே ஐந்து நிறுத்தம் நான்காயிற்று: காலையில் கிருஷ்ணகிரி அணை, பிறகு அருங்காட்சியகம், மாலையில் தொரப்பள்ளி ராஜாஜி இல்லம், கெலவரப்பள்ளி அணை. மலைமேல் இருக்கும் சந்திரசூடேசுவரர் கோயில் விடுபட்டது. வண்டி போகும் பாதை இருக்கிறது என்றாலும் அதை இன்னொரு நாளுக்கு என்று வைத்தோம்.

பொறியாளர்கள் இரண்டு வேன்களில் இரண்டு நிமிடத்தில் ஏறிவிடுவார்கள். அவர்களுடைய நேரம் வேறு இடத்தில் கரைகிறது. சூளகிரிப் பக்கம் மல்லச்சந்திரம் குன்றில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன: பாறைப் பலகைகளை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த, ஆளுயரத்துக்கும் குறைந்த கல்லறைகள். பொறியாளரை அங்கே கொண்டு விட்டால் ஒவ்வொரு கல்லின் எடையையும் மனத்தால் தூக்கிப் பார்ப்பார். எந்தக் கருவியால் பிளந்தார்கள், எப்படி நகர்த்தினார்கள், வட்டத் துளை எதற்கு? நாற்பது நிமிடம் என்று போட்ட இடம் ஒன்றரை மணி நேரத்தை விழுங்கும். அது நிழலில்லாத பாறைவெளி. ஒன்பது மணிக்கு மேல் பாறையும் சேர்ந்து சுடத் தொடங்கும். ஏசி விடுதி, ஏசி வேன், ஏசி தொழிற்கூடம் என்று எட்டு நாள் கழித்த உடம்பு வெயிலுக்குப் பழகவே இல்லை. வெயிலில் தினமும் கொஞ்சம் உழைத்தால்தான் ஒன்றிரண்டு வாரத்தில் உடல் பழகும். அந்த எட்டு நாள் கணக்கிலேயே வராது. வயதானவருக்குத் தன் எல்லை தெரியும், அதனால் நிற்பார். இளைஞருக்குத் தெரியாது, நடந்துகொண்டே இருப்பார். ஆபத்து எந்தப் பக்கம் அதிகம் என்று கேட்டால் தயங்காமல் இரண்டாவது பக்கத்தையே காட்டுவேன்.

இதனால் இரு தாள்களிலும் ஒரே விசித்திரமான கட்டளை வந்தது: அருகில் இருப்பதை விட்டுவிட்டுத் தொலைவில் இருப்பதை முதலில் பார். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ தொள்ளாயிரம் மீட்டர் உயரம். ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரி ஐந்நூறு மீட்டர் அளவில்தான். இந்த இறக்கத்துக்கே இரண்டு மூன்று டிகிரி வெப்பம் கூடும். பெங்களூரிலிருந்து வருபவர் வழியில் ஓசூரைப் பார்த்துவிட்டுப் போவதுதான் இயல்பு. அப்படிப் போனால் உச்சிவெயிலில் கிருஷ்ணகிரி மாட்டிக்கொள்ளும். எனவே மூத்தோர் குழு காலையில் ஓசூரைத் தொடாமல் நேரே கிருஷ்ணகிரி அணைக்கு; பதினொரு மணிக்கு அருங்காட்சியகத்தின் கூரைக்கடியில்; மதியச் சாப்பாட்டுக்குப் பின் மேட்டுக்கு ஏறி மாலையில் ஓசூர்ப் பக்கம். பொறியாளர் குழு விடுதியை விட்டு ஐந்தரைக்கே கிளம்பிக் குன்றுக்கு, ஒன்பதுக்குள் கீழே, பிறகு அதே அருங்காட்சியகத்தின் கூரை. வழிகாட்டி இதைப் பார்த்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார்: "சார், ஞாயித்துக்கெழம சாயந்தரம் பெங்களூரு பக்கம் வண்டி நகராது. பெரியவங்கள புதன்கெழம வரச் சொல்லுங்க. ஜெர்மன்காரங்க எப்படியும் ஓசூர்லயே தங்குறாங்க, அவங்க ஞாயிறு வரட்டும்." அத்திப்பள்ளி நெரிசலை அறிந்தவர் பேச்சு. குறிப்புத்தாள் என்பது ஒருவழிப் பாதை அல்ல என்பதை அவர் இப்படித்தான் நினைவூட்டுவார்.

உடல்நலப் பகுதிக்கு வரும்போது ஏற்பாட்டாளர்கள் செய்யும் பொதுவான தவறு, நோய்ப் பட்டியல் கொடுப்பது. "பி.பி. பதினான்கு, சுகர் பதினொன்று, இதயம் இரண்டு" என்று எழுதிக் கொடுத்தால் வழிகாட்டி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவர் மருத்துவர் அல்லர். மேலும் அது பிறருடைய அந்தரங்கம். கேட்டு ஒப்புதல் வாங்காமல் கைமாறக் கூடாது. அவருக்குத் தேவை செயல்: யாருக்கு, எந்த நேரத்தில், என்ன செய்ய வேண்டும் அல்லது செய்யக் கூடாது. மூத்தோர் தாளில் இருந்த வரிகள் சில: "மூன்று பேர் பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டாக வேண்டும், அருங்காட்சியகம் முடியாவிட்டாலும் கிளம்பிவிடுங்கள்." "காலை இரண்டு மணி நேரத்துக்கு முக்கால் மணிக்கு ஒருமுறை கழிப்பறை." "இருவர் விழக் கூடாது. படி வரும் இடத்தில் கைப்பிடி இருக்கும் பக்கமாக அழைத்துச் செல்லுங்கள்." "ஐந்து பேருக்குக் காது மந்தம். நடந்துகொண்டே பேச வேண்டாம், நின்று முகம் காட்டிப் பேசுங்கள்."

ஒவ்வொன்றுக்கும் பின்னால் காரணம் இருக்கிறது, ஆனால் தாளில் காரணம் இல்லை. முதல் வரி, இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் உரியது. மருந்து காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடும்; சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் இறங்கும். வியர்வை, கை நடுக்கம் ஆகியவற்றை எல்லோரும் அறிவார்கள். வழிகாட்டிகள் கவனிக்காமல் விடுவது வேறொன்று: காலையெல்லாம் இனிமையாகப் பேசியவர் திடீரெனச் சிடுசிடுப்பார், அல்லது கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். களைப்பு என்று விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்து, தேறாவிட்டால் மறுபடி கொடுத்து, தேறியதும் சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்சுதான்.

இரண்டாவது வரி, நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு. இதில் ஒரு கேடு ஒளிந்திருக்கிறது. வழியில் கழிப்பறை கிடைக்குமோ என்ற பயத்தில் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். பதினொரு மணிக்கு எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். "நெறைய தண்ணி குடிங்கம்மா" என்று எத்தனை முறை சொன்னாலும் பலிக்காது. பேருந்து கிளம்பியவுடனேயே, "எட்டு மணிக்கு நல்ல பாத்ரூம் இருக்கும் ஓட்டல்ல நிறுத்துறோம், அடுத்தது எட்டே முக்கால்" என்று அறிவித்தால் பாட்டில் மூடிகள் திறக்கும்.

பொறியாளர் தாளின் உடல்நலப் பகுதி மூன்றே வரி. ஒருவருக்கு நிலக்கடலை ஒவ்வாமை. இரண்டு வரி வெயிலைப் பற்றி. வரி குறைவு என்பதால் சுமை குறைவு என்று எண்ண வேண்டாம். இந்தப் பகுதியில் நிலக்கடலை எங்கே இல்லை? இட்லிக்குக் கடலைச் சட்னி, சித்ரான்னத்தில் வறுத்த கடலை, பொரிக்கக் கடலெண்ணெய், வழியோரத்தில் பொட்டலம். பரிமாறுபவரிடம் "கடலை இருக்கா?" என்று கேட்டால் சட்னியை நினைத்து "இல்லீங்க" என்பார், எண்ணெயை நினைக்க மாட்டார். கடலையா, பொட்டுக்கடலையா என்ற குழப்பம் வேறு. வழிகாட்டி கேட்க வேண்டிய கேள்வி: "எந்த எண்ணெய்? தாளிக்க எது? இதே கரண்டியை வேற எதுக்குப் போடுவீங்க?" அந்தப் பொறியாளர் கையில் அவசர ஊசி இருந்தது, அவர் நாட்டில் மருந்துக்கடையில் கிடைப்பது, இங்கே தேடிப் பிடிப்பது கடினம். ஆகவே ஊசி எந்தப் பையின் எந்த அறையில் இருக்கிறது என்பதை வழிகாட்டி தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எழுதினோம். வேனில் விட்டுவிட்டுக் குன்றேறினால் அது இல்லாததற்குச் சமம்.

இங்கேதான் எதிர்பாராத உறவு தட்டுப்பட்டது. எழுபது வயது அம்மாளின் பன்னிரண்டரை மணிச் சாப்பாடும் முப்பது வயதுப் பொறியாளரின் கடலையில்லாச் சாப்பாடும் ஒரே ஓட்டலில், ஒரே முன்னேற்பாட்டில் போய் முடிகின்றன: முதல் நாளே நேரத்தையும் எண்ணெயையும் பேசி வைத்த சமையற்கூடம். இரு குழுவிலும் அதிகம் கவனிக்க வேண்டிய ஆள், பார்த்தால் நலமாகத் தோன்றும் ஆள்தான். கைத்தடி ஊன்றியவரை எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடப்பவரை யாரும் பார்ப்பதில்லை.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒன்றும் இரு தாள்களிலும் எழுத்து மாறாமல் இருந்தது. சூசூவாடி, பாகலூர்ப் பக்கம் கைப்பேசி சில நேரம் கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது 108ஐ அழைத்தால் அழைப்பு எந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. எனவே எடுத்தவுடன் நோயாளி நிலையைச் சொல்லாமல் "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர்" என்று இடத்தைச் சொல்லுங்கள். பதில் கன்னடத்தில் வந்தால் கன்னடத்திலேயே தொடருங்கள். ஓசூரில் அரசு மருத்துவமனை, கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இரண்டுக்கும் எந்தத் திருப்பத்தில் வண்டி திரும்ப வேண்டும் என்பதை ஓட்டுநரும் அறிந்திருக்க வேண்டும்.

மாம்பழத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் கிருஷ்ணகிரிக்கு வந்து மாம்பழம் தொடாமல் போனால் பாவம். பெங்களூரா என்ற ரகத்தின் பெயரைக் கேட்டதும் பெங்களூர்க்காரர்கள் சிரித்துப் பை நிரப்பினார்கள். சர்க்கரைக்காரர்களைத் தடுக்கும் பொறுப்பை வழிகாட்டியின் தலையில் கட்டவில்லை. நிறுத்தத்தைச் சாப்பாட்டுக்குப் பின்னால், வீட்டுக்கு வாங்கிப் போகும் கட்டமாக வைத்தோம். பெரியவர்களுக்கு அறிவுரை சொல்வதைவிட நேரத்தை நகர்த்துவது மரியாதை.

இனி நான்காம் பகுதி, பார்த்துப் பேச வேண்டிய பேச்சுகள். வழிகாட்டிகள் வழக்கமாக இதை ஊரின் பட்டியலாக நினைக்கிறார்கள்: இந்த ஊரில் சாதி உண்டு, மதம் உண்டு, ஆற்றுத் தகராறு உண்டு, அவற்றைத் தொடாதே. இரு தாள்களையும் ஒப்பிட்டால் அப்படிப் பொதுப் பட்டியல் போட முடியாது என்று தெரிகிறது. திப்புவை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையைச் சொல்லாமல் முடியாது. பாராமகால் கம்பெனி கைக்குப் போனது அதில்தான். ஜெர்மானியருக்கு அது ஒரு போர்க் கதை. பெங்களூர்க்காரருக்கோ திப்பு நேற்றைய செய்தித்தாள். கர்நாடக அரசு 2015இல் திப்பு ஜெயந்தி கொண்டாடத் தொடங்கியதும் 2019இல் அதைக் கைவிட்டதும் அவர்கள் வீட்டுக்கூடத்தில் விவாதித்தவை. அவர்களிடம் ஆண்டும் இடமும் உடன்படிக்கையும் போதும்; நல்லவரா கெட்டவரா என்ற தீர்ப்பு வழிகாட்டிக்கு உரியதல்ல. தொரப்பள்ளியிலும் அப்படியே. அந்தச் சின்ன வீட்டில் 1878இல் பிறந்தவர் 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார் என்பதோடு, 1938இன் கட்டாய இந்தி, 1953இன் கல்வித் திட்டம் ஆகியவற்றையும் ஒருவர் கேட்காமல் விடமாட்டார். கேட்டால் ஆண்டோடு சொல்லுங்கள். எதிர்த்தவர்களும் சரியான காரணத்தோடு எதிர்த்தார்கள் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

பொறியாளர் தாளில் திப்பு இல்லை, ராஜாஜி இல்லை, காவிரி இல்லை. இருந்தவை மூன்று. ஒன்று, வாசற்படியிலும் லாரி முன்னாலும் தென்படும் சுவஸ்திகா. ஹிட்லர் கட்சியின் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவது அவர்கள் நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். மங்கலச் சின்னம் என்று ஒரே வரியில் விளக்கிவிட்டு நகர வேண்டும். "உங்க ஊர்லயும் இது உண்டே" என்ற நம் ஊர்ச் சிரிப்பு வேண்டாம். ஹிட்லரைத் திறமைசாலி என்று பாராட்டி விருந்தினரைக் குளிர்விக்க முயல்பவர்களையும் நான் கேட்டிருக்கிறேன். அதற்குமேல் அந்த நாளைக் காப்பாற்ற முடியாது. இரண்டு, தொழிற்சாலையின் உள்விவகாரம்: ஒப்பந்தத் தொழிலாளர் கூலி, பெண்கள் விடுதி, நிலம் கொடுத்தவர் நிலை. பொறியாளர்கள் ஆர்வத்தில் கேட்கலாம். சொன்னது திங்கட்கிழமை தொழிற்கூடத்தில் திரும்ப ஒலிக்கலாம். மூன்று, பெண்சிசுக் கொலை, குழந்தைத் திருமணம். இந்த மாவட்டங்களைப் பற்றிப் படித்துவிட்டு வருபவர் கேட்பார். மறைக்கவும் வேண்டாம், ஊரையே குற்றவாளியாக்கவும் வேண்டாம். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியதைச் சொல்லி, அதற்குமேல் வேண்டுமென்றால் படிக்கச் சொல்லலாம்.

இரண்டு பட்டியலையும் மறுபடி வாசித்துப் பாருங்கள். எச்.எம்.டி., காவிரி, திப்பு ஜெயந்தி ஒரு பக்கம்; சுவஸ்திகா, தொழிற்சாலை மறுபக்கம். ஒன்றுகூட ஓசூருக்கே உரிய ரகசியம் அல்ல. பெரும்பாலானவை விருந்தினர் தம்மோடு கொண்டு வந்தவை. பேச்சில் தம் கையும் இருக்கிறது என்று தோன்றும்போதுதான் கேட்பவர் முகம் மாறுகிறது. எனவே வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த ஊரில் எது சிக்கலான பேச்சு?" என்பதல்ல; "நீங்கள் சொல்லப்போகும் கதையில் இந்த விருந்தினர் எங்கே வருகிறார்?" என்பதே.

இதற்குச் சரியான சோதனைக்களம் இரு குழுவும் பார்த்த கெலவரப்பள்ளி அணை. மழைக்குப் பின் மதகு திறந்தால் தென்பெண்ணையில் வெள்ளை நுரை மலைபோல் எழும். காற்றடித்தால் துண்டு துண்டாகப் பறந்து கரையில் விழும். மூத்தோர் குழுவில் ஒருவர் கேட்டார், "இது எங்கேருந்து வருது?" ஞாயிற்றுக்கிழமை ஒரு பொறியாளரும் அதையே கேட்டார், அவர் கேள்வியின் அடியில் வேறு கவலை: எங்கள் தொழிற்சாலையிலிருந்தா? முதல் கேள்விக்கு உண்மையான விடை கேட்டவருடைய வீட்டுச் சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும்தான் தொடங்குகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீர் வழிந்து இந்த ஆற்றைச் சேர்கிறது. இதில் சேரும் மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணை தொடர்பாகத் தமிழகம் 2018இல் உச்ச நீதிமன்றம் போன ஆறும் இதுதான். அந்த இடத்தில் "உங்க ஊர் சாக்கடை எங்க ஊர் பாசனம்" என்று சொல்லப் பத்து வழிகாட்டிகளில் ஒன்பது பேருக்கு நாக்கு துறுதுறுக்கும். அதில் பொய் இல்லை என்பதுதான் சங்கடம்.

தாளில் நாங்கள் மௌனம் கேட்கவில்லை. இரு குழுவுக்கும் ஒரே விடையை எழுதிக் கொடுத்தோம். "மேலே நகரத்தின் ஏரிகளிலிருந்து வரும் கழிவுநீரில் சோப்புப் பொருட்கள் கலந்திருக்கின்றன. மதகில் விழும்போது காற்று சேர்ந்து நுரைக்கிறது. ஆறு மாநில எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே இந்த அணை வந்துவிடுவதால் வரும்போதே அந்தச் சுமையோடு வருகிறது. ஆலைக் கழிவின் பங்கு பற்றி வாரியங்கள் ஆய்ந்து வருகின்றன. அதை நான் அளந்தவன் அல்ல." பழிக்கும் சொல் ஒன்றும் இல்லை, மறைத்ததும் ஒன்றும் இல்லை. அதனோடு உடல்நல வரி ஒன்றும் ஒட்டிக்கொண்டது: நுரையைத் தொட வேண்டாம், மூச்சிரைப்பு உள்ளவர்களைக் காற்று வீசி வரும் பக்கம் நிறுத்துங்கள். புதன்கிழமை அந்த விடையைக் கேட்ட பெரியவர், "அப்ப நம்ம வீட்டுத் தண்ணிதான்" என்றார். பக்கத்திலிருந்த அம்மாள் சலவைத்தூள் பெயரைச் சொன்னார். பேச்சு சண்டைக்குப் போகாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பொறியாளர் நுரையின் உயரத்தைக் கைப்பேசியில் அளந்தார். ஒரே விடை, இரண்டு வேறு மனிதர்கள், இருவருக்கும் போதுமாக இருந்தது.

காவிரிக்கு மட்டும் விடை எழுதித் தரவில்லை. 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தன. எல்லையில் வண்டிகள் நின்றன. மூட்டை தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளிக்கும் சூசூவாடிக்கும் இடையே மக்கள் நடந்தார்கள். அந்தக் குழுவில் தமிழரும் கன்னடரும் ஒரே இருக்கையில் அமர்ந்து வந்தவர்கள், அந்த நாளிலும் ஒரே தெருவில் இருந்தவர்கள். அவர்கள் தாங்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்கள் எடுக்க வேண்டாம் என்று மட்டும் எழுதினோம். எல்லையைத் தாண்டும்போது யாரோ ஒருவர் எடுத்தார் என்றும், ஐந்து நிமிடம் பேசிவிட்டு அவர்களே முடித்துக்கொண்டார்கள் என்றும் வழிகாட்டி பிறகு சொன்னார்.

தாளைக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. தாளை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு, நினைவிலிருந்து அவரைச் சொல்ல வைப்போம். இரண்டு குழுவுக்கும் இதைச் செய்தோம். பன்னிரண்டரை மணி, கடலெண்ணெய், ஊசிப் பை, எச்.எம்.டி. எல்லாம் சரியாக வந்தன. காது மந்தம் மட்டும் விட்டுப்போயிற்று, மறுபடி சொன்னோம். உடல்நல வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை, தாளில்தான். பயணம் முடிந்த மாலையே அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிட்டோம்.

பொறியாளர் தாளைத் திருப்பிச் சொல்லி முடித்ததும் வழிகாட்டி தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "சார், என் தங்கச்சி சிப்காட்ல கம்பெனியில கான்ட்ராக்ட்ல இருக்கா. சம்பளத்த பத்தி கேட்டாங்கன்னா எனக்குப் பேச வராது." ஊரின் பேச்சுகளையும் விருந்தினரின் பேச்சுகளையும் எண்ணிய நாங்கள் வழிகாட்டியுடையதை எண்ணியிருக்கவில்லை. இப்போது இரண்டு வகைத் தாளிலும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. வழிகாட்டி எதைப் பேச விரும்பவில்லை என்பதைக் கேட்டு எழுதி, காரணம் சொல்லாமல் குழுத் தலைவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம்.